‘ஒருமையில பேசினான்’: இத இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது?

‘எல்லார் முன்னாடியும் என்னை ஒருமையில் பேசி அவமானப்படுத்தினார்.’ கரையில ஒரு சண்டை நடந்து அது புகார் மனுவா மாறுச்சுன்னா இந்த மாதிரி ஒரு வரி அதுல சாதாரணமா வந்துரும். தொண்டியில இருந்து வாலிநோக்கம் வரைக்கும் யார்கிட்ட வாசிச்சுக் காட்டினாலும் என்ன நடந்துச்சுன்னு அடுத்த நொடியே புரியும், விளக்கமே வேணாம். ஆனா இதே வரிய இங்கிலீஷ்ல மாத்த உக்காந்தா கை நின்னுரும். ‘ஸ்போக் டு மீ இன் சிங்குலர்’னு எழுதினா படிக்கிற ஆளுக்கு இது ஏதோ இலக்கணப் பாடம் மாதிரி இருக்கும், ஒருத்தர்கிட்ட பேசும்போது சிங்குலர்ல பேசாம வேற எதுல பேசுவாங்கன்னுதான் அவர் நெனப்பாரு. இது அர்த்தம் ஆகலையேன்னு ‘அப்யூஸ்ட் மீ’னு எழுதினா கெட்ட வார்த்தையில திட்டிட்டான்னு ஆயிரும், அவன் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லலையே.

இந்த ஒரு வரிய எப்படிக் கொண்டு போறதுங்கிறதுதான் இங்க விஷயம். நீ, நீங்க ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ‘யூ’ ஒண்ணுதான் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதோட நிறுத்திக்கிட்டா பிரச்சனையோட பாதி கூட கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கேஸ் வச்சுப் பாப்போம். கற்பனைதான், ஆளும் கற்பனை, பேச்சும் கற்பனை, ஆனா நம்ம கரையில நடக்கிற மாதிரிதான். தங்கச்சிமடம் பக்கம் நண்டு எடை போடுற எடம். வல்லத்துக்காரருக்கு அறுபது வயசு இருக்கும், நண்டு எடுக்குற ஏஜெண்டு பையனுக்கு இருபத்தஞ்சு இருபத்தாறு. வலை வாங்குறதுக்கு அந்த ஏஜெண்டுகிட்ட பெரியவரு அட்வான்ஸ் வாங்கியிருக்காரு, அதனால பிடிக்கிற நண்ட அங்கதான் போட்டாகணும். பேச்சு இப்படிப் போகுது:

“வாங்கண்ணே, இன்னிக்கு சரக்கு எவ்வளவு கொண்டாந்திருக்கீங்க?”

“நீங்களே பாருங்க தம்பி, ஒங்களுக்குத் தெரியாததா.”

“என்னண்ணே, பாதி ஓடு இளசா கெடக்கு, இத எப்படி இந்த ரேட்டுக்கு எடுக்குறது சொல்லுங்க.”

“போன வாரம் எடுத்தீங்கள்ல தம்பி, அதே வலை, அதே எடம்தான்.”

“அதெல்லாம் சும்மா பேசாத. அள்ளிட்டுப் போ.”

“யாரப் பாத்து பேசாதங்குற? ஒங்கப்பன் வயசு எனக்கு. மரியாதையாப் பேசுடா!”

அஞ்சாவது வரியத் திரும்பப் படிங்க. அதுல ‘நீ’ங்கிற சொல்லே கெடையாது. ‘பேசாத’, ‘போ’ன்னு ரெண்டு வினைச்சொல்லு, அவ்வளவுதான். ஆனா மரியாதை போனது அங்கதான், சுத்தி நிக்கிற ஐம்பது பேருக்கும் அது கேட்டுருச்சு. இத முதல்ல புடிக்கணும். தமிழ்ல நீ நீங்கங்கிறத வாய் விட்டுச் சொல்லணும்னே இல்ல, ‘வந்தியா’ ‘வந்தீங்களா’ன்னு வினை முடியுற எடத்துலயே அது ஒட்டிக்கிட்டு வரும், ‘ஒன் வலை’ ‘ஒங்க வலை’ன்னு அதுலயும் வரும், ஒரு பக்கப் பேச்சுல அந்தச் சொல்லு ரெண்டு தடவதான் இருக்கும், ஆனா அந்தத் தேர்வு இருபது எடத்துல நடந்திருக்கும். மொழிபெயர்க்கிற ஆளு நீ எங்க இருக்குன்னு தேடினா ஒண்ணும் கிடைக்காது, ஒவ்வொரு வினையோட வாலையும் பாத்துக்கிட்டே வரணும். நான் பேப்பர்ல எழுதும்போது ஓரத்துல நீ-க்கு ஒரு கோடு, நீங்க-க்கு ரெண்டு கோடுன்னு போட்டுக்கிட்டே வருவேன், எந்த வரியில கோடு மாறுதோ அதுதான் முக்கியமான வரி.

மாறுற எடம்தான் முக்கியம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நீ-ன்னாலே அவமரியாதை, நீங்க-ன்னாலே மரியாதைன்னு நெனச்சு எழுதுனா தப்பாப் போயிரும். நெறைய வீட்டுல அப்பாவ நீங்க-ன்னும் அம்மாவ நீ-ன்னும்தான் கூப்பிடுவாங்க, அம்மா மேல மரியாதை இல்லாமலா? கூட்டாளிக்குள்ள ‘எங்கடா போற’ன்னு கேட்டாதான் கூட்டாளி, திடீர்னு ‘எங்க போறீங்க’ன்னு கேட்டான்னா ஏதோ மனஸ்தாபம்னு அர்த்தம். கோயில்ல சாமிகிட்ட ‘நீதாம்ப்பா பாக்கணும்’னுதான் வேண்டுவோம், சர்ச்சுல ‘உம்முடைய’ன்னு நீர் போட்டு ஜெபம் பண்ணுவாங்க, ரெண்டுமே பக்திதான். அதே மாதிரி நீங்க-ங்கிறது பன்மையும்தான். ஒரு போட்டுல அஞ்சு பேரு இருக்கும்போது ஒரு அதிகாரி ‘நீங்கள்லாம் எங்க போறீங்க’ன்னு கேட்டா அது மரியாதையா இல்ல ஆள் நெறைய இருக்காங்கன்னு வந்த பன்மையான்னு அந்த வரிய மட்டும் வச்சு சொல்ல முடியாது, தனியா ஒருத்தர்கிட்ட திரும்பிப் பேசும்போது என்ன போடுறாருன்னு பாத்தாதான் தெரியும். அதனால ஒரு நீ-ய மட்டும் தனியா எடுத்து வச்சு இது மரியாதை இல்லாத பேச்சுன்னு இங்கிலீஷ்ல ஏத்தினா பாதி நேரம் தப்பு பண்ணிருவோம். அந்த ரெண்டு பேருக்குள்ள வழக்கமா என்ன ஓடுச்சு, இப்ப எது மாறுச்சு, இதத்தான் கொண்டு போகணும்.

நம்ம கேஸுல முதல் நாலு வரியில என்ன ஓடுதுன்னு பாருங்க. பையன் பெரியவர அண்ணே-ன்னு கூப்பிட்டு நீங்க போடுறான், அது வயசுக்கு. பெரியவரு பையன தம்பி-ன்னு கூப்பிடுறாரு, ஆனா தம்பிக்கு நீங்க போடுறாரு, ‘ஒங்களுக்குத் தெரியாததா’ங்குறாரு. உறவுச்சொல்லு கீழ எறங்குது, வினை மேல ஏறுது. வேற தம்பியா இருந்தா ‘ஒனக்குத் தெரியாததா’ன்னு சொல்லியிருப்பாரு. இந்த நீங்க அட்வான்ஸுக்குக் குடுக்குற நீங்க. இந்தக் கரையில கடன் எப்படிப் பேச்சுக்குள்ள வந்து உக்காருதுன்னு அந்த ஒரு வரியில இருக்கு, இங்கிலீஷ்ல ‘யூ’ன்னு போட்ட அந்த நொடியில அது அப்படியே போயிரும்.

போகாம எப்படிக் காப்பாத்துறது? ‘யூ’வ விட்டுருங்க, அதால ஒண்ணும் ஆகாது. இங்கிலீஷும் மரியாதை தெரிஞ்ச மொழிதான், அது மரியாதைய வேற எடத்துல வச்சிருக்கு. கூப்பிடுற சொல்லுல வச்சிருக்கு, கேள்வியா கேக்குறமா கட்டளையா சொல்றமாங்கிறதுல வச்சிருக்கு, வாக்கியம் எவ்வளவு நீளமா சுத்தி வருதுங்கிறதுல வச்சிருக்கு. ‘ஒங்களுக்குத் தெரியாததா’வுக்கு ‘யூ நோ பெஸ்ட், தம்பி’ன்னு போடலாம், அந்த ‘நோ பெஸ்ட்’டுல பணிவு வந்துரும், தம்பி பக்கத்துல நிக்கும்போது அந்த முரணும் தெரியும். ‘எவ்வளவு கொண்டாந்திருக்கீங்க’வுக்கு ‘வாட் ஹேவ் யூ பிராட் அஸ் டுடே, அண்ணே’ன்னு போடலாம். அண்ணே-ய அப்படியே விட்டுரணும்னுதான் நான் சொல்லுவேன். ‘பிரதர்’னு மாத்தினா சர்ச்சுல பேசுற மாதிரி ஆகுது, ‘சார்’னு மாத்தினா பெரியவரு வல்லத்துக்காரரா இல்லாம ஆபீசர் ஆயிடுறாரு. வெளிநாட்டு ஆளு அண்ணே-ன்னா என்னன்னு ரெண்டாவது தடவ வரும்போது தானாப் புரிஞ்சுக்குவாரு. கீழக்கரை வீட்டுப் பேச்சா இருந்தா அண்ணனுக்குச் சொல்ற காக்காவும் அக்காவுக்குச் சொல்ற லாத்தாவும் அதே மாதிரி அப்படியே நிக்கட்டும்.

முதல் வரியில அண்ணே, மூணாவது வரியில அண்ணே, அஞ்சாவது வரியில அண்ணே இல்ல. இது இங்கிலீஷ்ல கேக்கும். மூல வசனத்துலயும் அப்படித்தான் நடந்திருக்கு, நாம எதையும் கூட்டவே இல்ல. முதல் ரெண்டு எடத்துல வாக்கியத்த கேள்வியா, கொஞ்சம் மெதுவா வச்சுட்டு அஞ்சாவதுல ‘டோன்ட் கிவ் மீ தட். டேக் இட் அவே’ன்னு மொட்டையா வெட்டணும். முன்னாடி மெதுவா இருந்தாதான் இந்த வெட்டு தெரியும். நெறைய மொழிபெயர்ப்புல முதல் வரியே ‘கம், ஹவ் மச் டுடே’ன்னு மொட்டையாத்தான் இருக்கும், அப்புறம் சண்டை வர்ற எடத்துல மொட்டையாப் போட்டா எந்த வித்தியாசமும் தெரியாது, தெரியலையேன்னு ‘ஓல்ட் மேன்’, ‘யூ ஃபூல்’னு எதையாவது சேப்பாங்க. அந்தப் பையன் கிழவான்னும் சொல்லல, முட்டாள்னும் சொல்லல. அவன் சொல்லாததச் சொன்னதா எழுதுறது மொழிபெயர்ப்பு ஆகாது.

ஆறாவது வரிக்கு இங்கிலீஷ் தயாரா வச்சிருக்கு, ‘ஹூ டு யூ திங்க் யூ ஆர் டாக்கிங் டு?’ இத விட நல்லது கெடையாது. ‘யாரப் பாத்து’ங்கிற அந்தக் கோபம் அப்படியே இருக்கு. டா-வுக்கு நேரா ஒண்ணும் இல்ல, பரவாயில்ல, ‘ஷோ சம் ரெஸ்பெக்ட்’ட கடைசியில நிறுத்தினா போதும். பெரியவரும் அங்க நீங்க-ல இருந்து டா-வுக்கு எறங்கிட்டாருங்கிறது மட்டும் மறந்துறக் கூடாது. தம்பி-ங்கிற சொல்ல அந்த வரியில இருந்து எடுத்துட்டா அதுவும் தெரிஞ்சுரும், மூலத்துலயும் அங்க தம்பி இல்ல.

கதைக்கோ சப்டைட்டிலுக்கோ இது போதும். புகார் மனுவுக்கும் சாட்சி வாக்குமூலத்துக்கும் இது போதாது. ஏன்னா அங்க பேச்சு மட்டும் இல்ல, பேச்சப் பத்தின பேச்சும் இருக்கு, ‘ஒருமையில் பேசினார்’ங்கிறதே குற்றச்சாட்டு. நம்ம ஊரு கோர்ட்டுல சாட்சி தமிழ்ல சொல்றத தமிழ்லயே எழுதுறாங்க, அதே கேஸு மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போனா அங்க வேலை நடக்கிறது இங்கிலீஷ்ல, அதனால தமிழ்க் காகிதத்தோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் போகணும். அந்த மொழிபெயர்ப்புல ஒரு வரி எப்படி இருக்குங்கிறதுல ஒரு ஆளோட கேஸே திரும்பும்.

எப்படித் திரும்பும்னு சொல்றேன். ‘அப்யூஸ்ட் இன் ஃபில்தி லாங்க்வேஜ்’னு ஒரு தேஞ்சு போன வரி இருக்கு, எந்தச் சண்டைக்கும் அதப் போட்டுருவாங்க. பொது எடத்துல ஆபாச வார்த்தை பேசுறது தனிக் குற்றம், முன்னாடி இந்தியத் தண்டனைச் சட்டத்துல 294(பி), 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 296(பி). வேணும்னே அவமானப்படுத்தி சண்டைக்குத் தூண்டுறது வேற குற்றம், அது பழைய 504, புது 352. ரெண்டும் ஒண்ணு இல்ல. ‘பேசாத, போ’ன்னு ஒருமையில பேசினதுல ஆபாசம்னு ஒரு எழுத்தும் கெடையாது, அத ஃபில்தி லாங்க்வேஜ்னு எழுதினா நடக்காத குற்றத்த அந்தப் பையன் மேல மொழிபெயர்ப்பாளரே ஏத்தின மாதிரி. அதே சமயம் பெரியவருக்கும் அது நல்லதில்ல. எதிர்த்தரப்பு வக்கீல் ‘என்ன ஆபாச வார்த்தை சொன்னான், சொல்லுங்க’ன்னு கேப்பாரு, இவரு ‘வா போன்னு பேசினான்யா’ன்னு சொல்லுவாரு, அது ஆபாசம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், அப்ப அவரு சொன்ன மத்ததும் பொய்யோன்னு தோண ஆரம்பிச்சுரும். உண்மையச் சொன்ன ஆளு மொழிபெயர்ப்பால பொய்யர் ஆயிருவாரு. வெறும் ஒருமைப் பேச்சு மட்டுமே குற்றமாயிரும்னு சொல்ல வரல, எந்த நோக்கத்துல, எந்தச் சூழ்நிலையில பேசினாங்கிறத கோர்ட்டு பாக்கும். பாக்குறதுக்கு அந்த விஷயம் காகிதத்துல இருக்கணும்ல.

சாதி உள்ள வரும்போது இது இன்னும் கனமாயிரும். கிராமத்துல ஒரு பக்கத்துத் தெருச் சின்னப் பையன் இன்னொரு தெருவுல இருக்குற எழுபது வயசுப் பெரியவர பேரச் சொல்லி வா போன்னு கூப்பிட்ட காலம் ரொம்பத் தூரத்துல இல்ல, அவரு அந்தப் பையனுக்கு நீங்க போடணும். அங்க கெட்ட வார்த்தை எதுவுமே வேண்டியதில்ல, அந்த ஒருமையே போதும் ஆள மட்டம் தட்ட. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல பொதுப்பார்வையில வேணும்னே அவமானப்படுத்துறதுக்குன்னு பிரிவு இருக்கு. அந்த மாதிரி வாக்குமூலத்துல யார் யாருக்கு நீ, யார் யாருக்கு நீங்கங்கிறது இங்கிலீஷ்ல காணாமப் போச்சுன்னா சாட்சி சொன்னதுல இருந்து நடுமுள்ளையே உருவின மாதிரிதான்.

சரி, ‘தௌ’னு ஒண்ணு இங்கிலீஷ்ல இருந்துச்சே, அதப் போட்டா என்னன்னு கேக்கலாம். இருந்துச்சு, நம்ம நீ மாதிரியே ஓடுச்சு. 1603-ல வால்டர் ராலே மேல ராஜதுரோக வழக்கு நடந்தப்ப அரசுத் தரப்புல பேசின எட்வர்ட் கோக், ராலேயப் பாத்து ‘உன்ன தௌ போட்டுத்தான் பேசுறேன், துரோகி’ங்கிற அர்த்தத்துல கோர்ட்டுலயே சொன்னாரு. தௌ-வ வினைச்சொல்லாவே ஆக்கி ‘ஐ தௌ தீ’ன்னு சொன்னாரு, நாம ‘நீ வா போன்னு பேசுறான்’னு சொல்றமே அதேதான். அந்தக் காலத்து ஆளுகிட்ட ‘ஒருமையில பேசினான்’னு சொல்லியிருந்தா ஒரு விளக்கமும் வேண்டியிருக்காது. அதே நூற்றாண்டுல குவேக்கர்கள்னு ஒரு கூட்டம், கடவுளுக்கு முன்னாடி எல்லாரும் சமம், அதனால யாரா இருந்தாலும் தௌதான்னு நின்னாங்க, அதுக்காக அடியும் பட்டாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாருக்கும் யூ-ன்னு ஆகி, தௌ பொதுப் பேச்சுல இருந்து போயிருச்சு. அதாவது இங்கிலீஷ்ல தங்கினது நீ இல்ல, நீங்கதான். ஆனா 1611 பைபிள் மொழிபெயர்ப்புல கடவுளுக்கு தௌ இருக்கிறதால இன்னிக்குக் காதுல தௌ-ன்னா ஏதோ உயர்ந்த, பழைய, ஜெப மொழி மாதிரி விழுது. அந்த நண்டு ஏஜெண்டு வாயில தௌ போட்டா மரியாதை கூடிருமே தவிர கொறையாது. அதனால அந்தக் கதவு மூடியாச்சு.

மிச்சம் இருக்குறது ஒரே வழி, தமிழ்ச் சொல்ல இங்கிலீஷுக்குள்ள நிறுத்துறது. மனுவுல முதல் தடவ ‘ஒருமையில் பேசினார்’ வரும்போது முழுசா விரிச்சு எழுதணும்: அதுவரைக்கும் மரியாதை வடிவத்துல பேசிக்கிட்டிருந்தவரு அத விட்டுட்டு, சின்னப் பிள்ளைங்களுக்கும் தனக்குக் கீழன்னு நெனைக்கிறவங்களுக்கும் போடுற நீ வடிவத்துல பேசினாருன்னு. நீ-ங்கிறத சாய்வெழுத்துல அப்படியே விட்டுரணும். அப்புறம் வர்ற எடத்துல எல்லாம் ‘அட்ரஸ்ட் மீ ஆஸ் நீ’ன்னு சின்னதா போட்டாப் போதும், படிக்கிறவருக்கு இப்ப அது தெரியும். அவன் சொன்ன வார்த்தையே காகிதத்துல இருந்தா, ‘பேசாத, போ’வ தமிழ் உச்சரிப்புல முதல்ல எழுதிட்டு பக்கத்துல அர்த்தம் குடுக்கணும், வெறும் அர்த்தம் மட்டும் குடுக்கக் கூடாது. மூலத்துல ‘பேசாதீங்க, போங்க’ன்னு இருந்திருந்தாலும் அதே இங்கிலீஷ்தான் வந்திருக்கும்ல, அப்ப வித்தியாசத்துக்கு சாட்சி அந்தத் தமிழ்ச் சொல்லுதான்.

மூணாம் ஆளப் பத்திப் பேசும்போதும் இது வரும், அத சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடுறேன். நம்ம பக்கம் மதுரை வரைக்கும் ‘வந்தான்’, ‘வந்தாரு’ ரெண்டுக்கும் நடுவுல ‘வந்தாப்ல’ன்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப மரியாதையும் இல்ல, மரியாதைக் கொறைவும் இல்ல, தெரிஞ்ச ஆளுங்கிற நெருக்கம். வாக்குமூலத்துல ஒரு சாட்சி ஒருத்தர ‘வந்தாப்ல’ன்னும் இன்னொருத்தர ‘வந்தான்’னும் சொன்னா அவருக்கு யாரு பழக்கம், யாரு மேல கோபம்னு அதுலயே கசியும். எல்லாமே ‘ஹீ கேம்’தான். இதுக்கு நான் எதுவும் பண்ண மாட்டேன், ஒரே சாட்சி ஒரே ஆள முதல்ல ‘வந்தாரு’ன்னும் பின்னாடி ‘வந்தான்’னும் மாத்தினா மட்டும் அந்த எடத்துல குறிப்பு போடுவேன். எல்லாத்துக்கும் குறிப்பு போட்டா யாரும் படிக்க மாட்டாங்க, படிக்க வேண்டிய குறிப்பும் அதோட சேந்து போயிரும்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து இருக்கு. இங்கிலீஷ்ல கேட்ட கேள்விய தமிழ்ல மாத்திச் சொல்லும்போது ‘யூ’வுக்கு நீ-யா நீங்க-வான்னு மாத்துறவருதான் முடிவு பண்றாரு. ‘வேர் வேர் யூ?’ன்னு கேட்டத ‘எங்க இருந்த?’ன்னு சொன்னா மெரட்டுற மாதிரி, ‘எங்க இருந்தீங்க?’ன்னு சொன்னா விசாரிக்கிற மாதிரி, கேட்டவரு ரெண்டும் நெனச்சிருக்க மாட்டாரு. வீதியில நாம ‘சாப்டாச்சா’, ‘கெளம்பியாச்சா’ன்னு ரெண்டும் இல்லாம நழுவிருவோம், முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட அது நல்லா உதவும், ஆனா விசாரணைக் கேள்விய அப்படிக் கேட்டா யாரு பண்ணினதுன்னே கொழம்பிரும். அதனால அங்க சாட்சி யாரா இருந்தாலும், கூலிக்குப் பாசி எடுக்குற அம்மாவா இருந்தாலும், நீங்கதான் போடணும், கடைசி வரைக்கும் மாத்தாம போடணும். நடுவுல நீ வந்துச்சுன்னா கேள்வி கேட்டவருக்குக் கோபம் வந்துருச்சுன்னு அந்த அம்மா நெனச்சு பேச்ச நிறுத்திரும்.

முடிச்ச மொழிபெயர்ப்பு சரியா இருக்கான்னு பாக்க ஒரு சோதனை உண்டு. மூலத்தப் பாக்காத, ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒரு ஆள்கிட்ட இங்கிலீஷ மட்டும் குடுத்து, எந்த வரியில நீங்க நீ ஆச்சுன்னு பென்சில்ல குறிக்கச் சொல்லுங்க. மேல சொன்ன நண்டுக் கேஸுல அவரு அஞ்சாவது வரியக் குறிச்சா சரி. ஆறாவதக் குறிச்சார்னா பெரியவருதான் சண்டைய ஆரம்பிச்சாருன்னு அந்த இங்கிலீஷ் சொல்லுதுன்னு அர்த்தம், அப்ப முதல் வரியில இருந்து திரும்ப உக்காரணும்.